ஒரே நடன வீடியோ, ஹால் திரைக்கும் ஃபோனுக்கும்: ஃப்ரேம் எவ்வளவு விடுவது?

மேடையோரம்
சலங்கை பூஜை ஒன்றைப் படமெடுக்க வேண்டும். தனி நடனம், ஒரு பதமும் ஒரு தில்லானாவும். ஒரே கேமரா, 4கே, ட்ரைபாடில். அதே வீடியோ அன்று மாலை ஹாலில் 16:9 ப்ரொஜெக்டரில் ஓடும், பிறகு உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் போகும், கொஞ்சம் ரீல்ஸிலும் போடுவார்கள். இரண்டு முறை ஆடச் சொல்ல முடியாது. ஃப்ரேமை எந்த வடிவத்துக்கு வைப்பது, சுற்றி எவ்வளவு இடம் விடுவது? இப்படி எடுத்தவர்கள் எங்கே எது வெட்டுப்பட்டது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கேபிள்காரன்
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? 16:9-ல எடுங்க, நாலு பக்கமும் 5% விடுங்க. டி.வி.காரங்க காலங்காலமா அப்படித்தான் பண்றாங்க. ஃபோனுக்கு வேணும்னா நடுவுல வெட்டிக்கலாம்.

எடிட் மேசை
5% என்பது டி.வி.க்குச் சரியான அளவுதான். ஐரோப்பிய ஒளிபரப்பாளர்களின் ஆர்95 பரிந்துரை எழுத்துக்குச் சொல்வதும் அதுவே. ஆனால் அது டி.வி. பெட்டி ஓரத்தை விழுங்குவதற்காக வைத்த கணக்கு. ஃபோன் வெட்டுவது வேறு விதம்.

இப்போதைய ஃபோன்கள் பல 20:9. படுக்க வைத்து 16:9 வீடியோ பார்த்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். பாதிப் பேர் உடனே இரண்டு விரலால் விரித்து முழுத்திரை ஆக்கிவிடுவார்கள். அப்போது உயரத்தில் 80 சதவீதம்தான் மிஞ்சும், அதாவது மேலே 10%, கீழே 10% காலி. பேச்சு வீடியோவில் கவலையில்லை. நடனத்தில் அந்தக் கீழ் 10 சதவீதத்தில்தான் சலங்கை இருக்கும். பழைய குழல் டி.வி. காலத்தில் எழுத்துக்கு விட்ட 80% கட்டம் இப்போது ஃபோனுக்காகத் திரும்பி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் பாதம் கீழ் ஓரத்திலிருந்து குறைந்தது 12% மேலே இருக்கட்டும்.

"நடுவுல வெட்டிக்கலாம்" என்பதுதான் பெரிய சிக்கல். 1920 அகல ஃப்ரேமில் 9:16 வெட்டினால் கிடைப்பது 608 பிக்ஸல், மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒருவர் கையை இரண்டு பக்கமும் விரித்தால் ஏறக்குறைய அவர் உயரம் வரும். ஃப்ரேம் உயரத்தில் முக்கால்வாசி ஆள் நின்றால் 810 பிக்ஸல், கை விரிப்பும் கிட்டத்தட்ட அதே 810. 608-க்குள் எப்படி அடங்கும்? நாட்டியாரம்பத்தில் முழங்கை சற்று மடங்கியிருந்தாலும் இரண்டு மணிக்கட்டும் வெளியேதான்.

4:5 வெட்டினால் 864 பிக்ஸல் கிடைக்கும். ஆடல் வீடியோவை ஃபோனுக்கு அனுப்ப நான் சொல்வது அதைத்தான். நிமிர்த்திப் பிடித்த ஃபோனில் 16:9 வீடியோ திரையில் கால் பங்குதான் வரும். 4:5 பாதிக்கு மேல் வரும்.

கேபிள்காரன்
அப்போ கேமராவையே நிமிர்த்தி வெச்சு எடுத்துட்டு, ஹாலுக்கு ரெண்டு பக்கமும் ப்ளர் போட்டா?

எடிட் மேசை
ஹால் திரையில் ஆள் மூன்றில் ஒரு பங்கு அகலத்துக்குள் நிற்பார். மீதி முழுக்க அவருடைய புடவை நிறமே மங்கலாக அசைந்துகொண்டிருக்கும். இருட்டு ஹாலில் கண் அங்கேதான் போகும். வேறு வழியே இல்லை என்றால் கறுப்பு விடுங்கள், ப்ளர் வேண்டாம். நட்டுவாங்கம், பாட்டு எல்லாம் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். நிமிர்த்தி எடுத்தால் அவர்கள் படத்திலேயே இருக்கமாட்டார்கள்.

கொடிமரம் லைவ்
எங்க கோயில் திருவிழால எல்.இ.டி. சுவர் 3:1. 16:9 ஃபீடு குடுத்தா ஆபரேட்டர் இழுத்து நிரப்பிடறார், சாமிக்குத் தலையும் பாதமும் போயிடுது. ஹால் திரைன்னு கேட்டதால சொல்றேன், அதுக்கு எவ்வளவு விடணும்?

எடிட் மேசை
இங்கே கேட்டது சாதாரண 16:9 ப்ரொஜெக்டர் அண்ணா. 3:1 சுவரை நிரப்பினால் உயரத்தில் 59 சதவீதம்தான் மிஞ்சும். அதற்குள் ஆளை அடக்கினால் மற்ற எல்லாத் திரையிலும் பொம்மை அளவுதான் தெரிவார். ஓரம் விட்டுச் சரிசெய்கிற விஷயம் இல்லை இது. "நிரப்பாதீங்க, உயரத்துக்குப் பொருத்துங்க" என்று ஆபரேட்டரிடம் முன்கூட்டியே சொல்லி, பக்கவாட்டில் திருவிழா பேனர் படம் வைக்கச் சொல்லுங்கள்.

நட்டுவாங்கம்
கை விரிப்பை மட்டும் கணக்குப் போடுகிறீர்களே, தலைக்கு மேல் கை கூப்பினால்? அதோடு தில்லானாவில் பிள்ளை ஒரே இடத்தில் நிற்காது. பின்னால் போய் முன்னால் வரும், பக்கவாட்டிலும் நகரும். படப்பிடிப்புக்காக மேடையைச் சுருக்கச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

எடிட் மேசை
சரியான கேள்வி மேடம். சுருக்கச் சொல்ல வேண்டாம். இரண்டையும் சென்டிமீட்டரில் போட்டுப் பார்ப்போம்.

ஆடுபவர் 160 செ.மீ. என்று வையுங்கள். தலைக்கு மேல் கூப்பிய கை ஏறத்தாழ 188 செ.மீ. வரை போகும். கை விரிப்பு 4:5 அகலத்தில் 90% நிரம்பும்படி நெருக்கி வைத்தால் ஃப்ரேமின் மொத்த உயரம் 222 செ.மீ. பாதத்துக்குக் கீழே 12% விட்டால் கூப்பிய கை 97 சதவீதத்தில் போய் நிற்கும். ப்ரொஜெக்டரில் முழுதாகத் தெரியும். ஃபோனில் விரித்துப் பார்ப்பவருக்குக் கை போய்விடும். அதனால் கை விரிப்பை 75 சதவீதத்துக்குத் தளர்த்துங்கள். 4:5 அகலம் 213 செ.மீ., உயரம் 267 செ.மீ., 16:9 அகலம் சுமார் 4.75 மீட்டர். ஆள் உயரம் ஃப்ரேமில் 60%. பாதம் 12-ல், கூப்பிய கை 83 சதவீதத்துக்குள். எங்கே விரித்தாலும் வெட்டுப்படாது. ஃபுல்ஃப்ரேம் கேமராவில் 85 லென்ஸ் என்றால் 11 மீட்டர் சொச்சம் தள்ளி நிற்க வேண்டும்.

இதை மேடை நடுவில் ஆளை நிறுத்தி அமைக்காதீர்கள். முன்னால் வந்து நிற்கும் கடைசிக் கோட்டில் நிறுத்தி அமையுங்கள். நடுவில் அமைத்துவிட்டு அவர் கேமராவை நோக்கி 2 மீட்டர் வந்தால் படத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாகிவிடுவார், விட்ட ஓரம் முழுக்கத் தின்றுபோகும். ஒத்திகையில் இது தெரியாது. ஒத்திகையில் யாரும் முழுசாக முன்னால் வருவதில்லை.

கேமராவில் 4:5 வழிக்கோடு இல்லையென்றால் மானிட்டரில் மெல்லிய டேப் ஒட்டுங்கள். 7 இன்ச் மானிட்டரின் படம் 15.5 செ.மீ. அகலம் இருக்கும். இரண்டு ஓரத்திலிருந்தும் 4.3 செ.மீ. உள்ளே ஒட்டினால் நடுவில் இருப்பதுதான் 4:5.

கத்தரி
பக்கவாட்டு நகர்வுக்கு என் பங்கு. மேலே சொன்ன அளவில் 4கே ஃப்ரேமில் 1 மீட்டர் என்பது சுமார் 810 பிக்ஸல். 4:5 வெட்டு 1728 பிக்ஸல் அகலம், எனவே நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 1056 பிக்ஸல் நகர்த்த இடம் இருக்கு. ப்ரொஜெக்டர் பதிப்பை அசைக்கவே வேண்டாம், ஃபோன் பதிப்பில் மட்டும் கீஃப்ரேம் போடணும்.

ஆளோடு ஒட்டியே வெட்டை நகர்த்தக்கூடாது. ஆட்டோ ரீஃப்ரேம் பல நேரம் அதைத்தான் செய்யும். ஆள் நடுவிலேயே நிற்க, பின்திரை மட்டும் வழுக்கிப் போகும், ஆடுபவர் நகர்ந்த மாதிரியே இருக்காது. கை விரிந்த நிலையில் இரண்டு பக்கமும் 26 செ.மீ. காலி இருக்கு. விரல் ஓரத்தை நெருங்கும் வரை விட்டுவிட்டு, அதன்பிறகு மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிறுத்துங்க. அவர் 1 மீட்டர் போனால் வெட்டு 75 செ.மீ. போனால் போதும். குதித்துத் திரும்புற அடவுல நகர்த்தவே வேண்டாம். ஒரு விரல் நுனி அரை நொடி போனாலும் பரவாயில்லை, ஆட்டத்தின் நடுவே ஃப்ரேம் அலையறதுதான் கண்ணை உறுத்தும்.

நகர்வு இல்லாத பதத்துக்கு நேரடியா வெட்டிடலாம். இரண்டாவது வரி ஃபோன்ல விரிச்சா என்ன மிஞ்சும்னு பார்க்க, ஒரு நிமிஷம் மட்டும்:

```
ffmpeg -i nadanam.mp4 -vf "crop=1728:2160,scale=1080:1350" -c:a copy phone.mp4
ffmpeg -i nadanam.mp4 -t 60 -vf "crop=iw:ih*0.8" -c:a copy zoom.mp4
```

மேடையோரம்
பெயர், ராகம், தாளம் எழுத்துப் பட்டை கீழே இடது மூலையில் போடுவது வழக்கம். அது?

கத்தரி
4:5-ல அந்த மூலையே இருக்காது. வீடியோவில் எரிக்காதீங்க, ஒவ்வொரு பதிப்புக்கும் தனி லேயர். அளவும் வேற. நிமிர்த்திய ஃபோனில் 16:9 படம் சுமார் 4 செ.மீ. உயரம்தான். 1080-ல 40 பிக்ஸல் எழுத்து அங்கே ஒன்றரை மில்லிமீட்டர். ஆங்கிலம் எப்படியோ படிச்சிடலாம். "ஆதிதாளம்"ல ஆ-வோட சுழி அடைஞ்சு, புள்ளி காணாமப் போயிடும். ஃபோன் பதிப்பில் 60-க்குக் கீழ போகாதீங்க, ராகமும் தாளமும் தனித்தனி வரியில.

ரீல் ராணி
எல்லாம் சரி, ஆனா ரீல்ஸ்ல 4:5 போட்டா மேலயும் கீழயும் கறுப்பு வருது, ஆளுங்க தள்ளிட்டுப் போயிடறாங்க. 9:16-தான் வேணும். மெட்டா விளம்பரம் போடுறவங்களுக்கு மேல 14%, கீழ 35%, பக்கத்துல 6% காலி விடச் சொல்லுது. நடுவுல 51% மிஞ்சும். ஆள் அதுக்குள்ள நிக்கணும்.

எடிட் மேசை
9:16-ல் கை விரிப்பு அடங்க வேண்டுமென்றால் ஆள் உயரம் ஃப்ரேமில் பாதிதான் இருக்க முடியும். அது அந்த 51 சதவீதத்தில் சரியாக உட்காரும், உண்மைதான். ஆனால் கூப்பிய கை மேலே அந்த 14 சதவீதத்துக்குள் நுழைந்துவிடும். பாதமோ ஃப்ரேமின் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிற்கும். ஹால் திரையில் அதற்குக் கீழே வெறும் மேடைப் பலகைதான் தெரியும். ஒரே ஷாட்டில் இரண்டையும் சாதிக்க முடியாது.

ரீல் ராணி
பலகை தெரிஞ்சா என்ன? கோலம் போட்டு வையுங்க, விளக்கு வையுங்க.

நட்டுவாங்கம்
விளக்கை முன்னால் வைத்தால் பாதம் மறையும். பதத்துக்கு மட்டும் 9:16 வெட்டிக்கொள்ளட்டும். அங்கே கை பெரும்பாலும் மார்புக்குப் பக்கத்திலேயே இருக்கும், முகம்தான் முக்கியம். தில்லானாவை ரீலுக்காக நறுக்க வேண்டாம்.

ரீல் ராணி
தில்லானாவுக்குத்தான் வியூஸ் மேடம்.

கேபிள்காரன்
ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். ஃபோன்ல நிமிர்த்தி எடுத்த துண்டு ஏதாவது நடுவுல சேர்த்தா, ஹால் ப்ரொஜெக்டர்ல பென் டிரைவ் வெச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. ஃபோன் படத்தைப் படுக்க வெச்சு எழுதிட்டு "திருப்பிக் காட்டு"ன்னு ஒரு குறிப்பு மட்டும் போடும். சில பழைய ப்ளேயருங்க அதைப் படிக்காம, ஆளைப் பக்கவாட்டுல சாய்ச்சே காட்டும். எடிட் பண்ணி எக்ஸ்போர்ட் எடுத்த ஃபைல்னா அந்தத் தொல்லை இல்லை. ஃபோன்லேர்ந்து அப்படியே காப்பி பண்ணதுலதான் வரும்.

மேடையோரம்
ஹாலில் மேடை விளிம்பிலிருந்து கடைசி வரிசை 9 மீட்டர்தான். 11 மீட்டர் கிடைக்காது.

எடிட் மேசை
85-ஐ விட்டுவிட்டு 70-க்கு வாருங்கள், 9 மீட்டர் சொச்சம் போதும். ஜூம் லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. முன்கோடு விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே என்று மேடத்திடம் கேட்டு, அந்தத் தூரத்தையும் 9-உடன் கூட்டிக்கொள்ளுங்கள்.