புதுப்பிப்பு: மனநல விடுப்புக் கடிதம் ஏற்கப்பட்டது

என் கேள்வி: "மருத்துவர் ஓய்வெடுக்கச் சொல்கிறார். அதிகம் சொல்லாமல், மன்னிப்பும் கேட்காமல் மேலாளருக்கு எப்படி எழுதுவது?"

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. மனிதவளத் துறையில் பணிபுரியும் தேவகோட்டை அக்கா சொன்ன வடிவமே பலித்தது. காரைக்குடியிலுள்ள எங்கள் கிளையின் மேலாளருக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான்:

"மருத்துவ ஆலோசனையின்படி ஜூன் 2 முதல் 27 வரை மருத்துவ விடுப்பில் இருப்பேன். நிலுவைக் கோப்புகளின் பட்டியலை உதவியாளரிடம் ஒப்படைத்துள்ளேன். ஜூன் 30 அன்று பணிக்குத் திரும்புவேன்."

"தயவுகூர்ந்து", "சிரமத்திற்கு வருந்துகிறேன்" இரண்டையும் அக்கா நீக்கச் சொன்னார். நீக்கியதும் கடிதம் கெஞ்சலாக இல்லாமல் தகவலாக நின்றது.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சான்றிதழே கேட்கக் கூடாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதன் 23ஆம் பிரிவு நோயாளியின் விவரத்தைக் காக்கும் கடமையைச் சிகிச்சை தருவோர்மீதுதான் சுமத்துகிறது. அலுவலகம் சான்றிதழ் கேட்கவே செய்தது. தம் முழங்கால் அறுவைச் சிகிச்சை விடுப்பைப் பற்றி எழுதிய ஐயா, நோயின் பெயரை வெளிப்படையாகச் சொல்லச் சொன்னார். என் நிலைமைக்கு அது பொருந்தவில்லை.

எதிர்பாராதது ஒன்று: சான்றிதழில் நோயின் பெயர் இல்லாவிட்டாலும், தாளின் தலைப்பிலேயே "மனநல மருத்துவர்" என்று அச்சாகியிருந்தது. ஆகவே அதை மேலாளருக்கு இணைக்காமல், மனிதவளப் பிரிவுக்கு மட்டும் தனியே அனுப்பினேன், அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். திரும்பும்போது தர வேண்டிய உடற்தகுதிச் சான்றிதழைப் பொது மருத்துவரிடம் பெறலாமா என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.