ரிகர்ஷன்: தற்சுழற்சியா, தன்னழைப்பா?

சாட்ஸ்வொர்த், தமிழ் வகுப்பு ஆசிரியை:

அவையோர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் சனிக்கிழமை வகுப்பின் மூத்த மாணவர்களுக்காகப் பைத்தான் பாடக்குறிப்பு எழுதி வருகிறேன். ஒரு செயற்கூறு தன்னையே அழைக்கும் ரிகர்ஷனுக்குத் 'தற்சுழற்சி' என்று வரைவில் இருக்கிறது. ஆனால் மாணவர்கள் அதைப் படித்ததும் `for` வளையத்தின் இன்னொரு பெயர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்காட்டு இது:

```python
def kootu(n):
    if n == 0:
        return 0
    return n + kootu(n - 1)
```

`kootu(4)` என்றால் 10 வருகிறது. `kootu(1000)` என்றால் `RecursionError` வருகிறது. செயலுக்கும் பிழைக்கும் பொருத்தமான தமிழ்ச் சொற்களைக் கூறுங்கள்.

டொங்காட், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

அம்மா, தற்சுழற்சியை மாற்றத் தேவையில்லை. வளையத்தில் எழுதினாலும் இதே 10 தான் வரும். நிறுத்தும் நிபந்தனை இல்லாமல் முடிவின்றிச் சுற்றினால்தான் இப்பிழை எழும் என்பதால், 'முடிவிலாச் சுழற்சி' என்று அதற்குப் பெயரிடலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மென்பொருள் பொறியாளர்:

ஐயா, நிபந்தனை இல்லாவிட்டால் பிழை வரும் என்பது உண்மை. ஆனால் ஆசிரியையின் நிரலில் நிபந்தனை சரியாகவே இருக்கிறது, இருந்தும் பிழை வருகிறது. `kootu(4)` தன் கூட்டலை முடிக்க `kootu(3)`இன் விடை வேண்டும் என்பதால், "4 உடன் கூட்ட வேண்டும்" என்ற வேலையைப் பாதியில் நிறுத்திக் காத்திருக்கிறது. அப்போது அதன் n மதிப்பும், திரும்பி வந்து தொடர வேண்டிய இடமும் அழைப்பு அடுக்கில் ஒரு சட்டகமாகப் பதிந்திருக்கும். அதன்மேல் 3, 2, 1, 0 ஆகியவற்றின் சட்டகங்கள் ஒவ்வொன்றாக ஏறுகின்றன. `kootu(0)` ஓடும் கணத்தில் ஐந்து சட்டகங்கள் உள்ளன; அதுவரை ஒரு கூட்டல்கூட நடக்கவில்லை. பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக அகல, 0, 1, 3, 6, 10 என விடைகள் கீழே இறங்குகின்றன.

வளையமோ ஒரே சட்டகத்துக்குள் ஒரு மொத்தத்தை மாற்றிக்கொண்டே போகிறது. விடை ஒன்றானாலும் நினைவகத்தில் நடப்பது வேறு. ஆகவே 'தன்னழைப்பு' என்ற சொல்லை முன்மொழிகிறேன். திருமண அழைப்பிதழைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு 'அழைப்பு' புதிய சொல்லும் அன்று.

வெருலம், கணக்காளர்:

இதே சிக்கல் எனக்கும் உண்டு. சி மொழியில் `int` வகையில் 1 முதல் 65536 வரை கூட்டினால் விடை கழித்தல் குறியோடு வருகிறது. 65535 வரை சரியாக இருக்கிறது. இதுதானே ஓவர்ஃப்ளோ எனப்படும் வழிதல்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மென்பொருள் பொறியாளர்:

அது எண் வழிதல், ஐயா. 32 பிட் `int` தாங்கும் உச்சம் 2147483647. உங்கள் கூட்டுத்தொகையோ 2147516416. வளையத்தில் எழுதினாலும் அது நேரும். பைத்தானின் முழு எண்களுக்கு அத்தகைய உச்சம் இல்லை. `kootu(1000)`இன் விடையும் வெறும் 500500 தான். அங்கே தடையாவது விடையின் அளவு அன்று, காத்திருக்கும் அழைப்புகளின் எண்ணிக்கை.

இன்னொரு வேறுபாட்டையும் குறிப்பில் காட்ட வேண்டும். ஆசிரியை கண்ட பிழை உண்மையில் அடுக்கு வழிந்ததைக் குறிக்கவில்லை. பைத்தான் முன்னெச்சரிக்கையாக 1000 என்ற ஆழ வரம்பை இயல்பாகவே வைத்திருக்கிறது. 0 வரை இறங்க 1001 அழைப்புகள் தேவைப்படுவதால் அது இடையிலேயே நிறுத்திவிடுகிறது. பிழைச் செய்தியில் `Previous line repeated` என்ற வரியும், இறுதியில் `maximum recursion depth exceeded` என்பதும் தெரிந்தால் அந்த வரம்புதான் காரணம். சி மொழியில் இத்தகைய காவல் இல்லை. லினக்சில் முதன்மை அடுக்குக்குப் பெரும்பாலும் 8 எம்பி இடம் உண்டு. ஒரு சட்டகம் 48 பைட் எடுப்பதாகக் கொண்டால், ஏறத்தாழ 1,70,000 ஆழத்தில் இடம் தீர்ந்து `Segmentation fault` என்று நிரல் விழும். எனவே முதலாவதை 'ஆழ வரம்பு மீறல்' என்றும், இரண்டாவதை 'அடுக்கு வழிதல்' என்றும் பிரித்தழைப்பதே என் கருத்து.

டொங்காட், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்:

காத்திருக்கும் கூட்டல்தான் காரணம் என்றால், மொத்தத்தையும் அடுத்த அழைப்புக்கே கொடுத்துவிட்டால் காத்திருக்க எதுவும் இராதே? `return kootu(n - 1, s + n)` என்று எழுதினால் ஆழம் வளராது அல்லவா?

பீட்டர்மாரிட்ஸ்பர்க், மென்பொருள் பொறியாளர்:

நல்ல கேள்வி. ஆனால் செய்ய வேலை இல்லாத சட்டகத்தையும் பைத்தான் கலைப்பதில்லை. ஆகவே அதே ஆழத்தில் அதே பிழைதான் வரும். ஜிசிசி தொகுப்பியை `-O2` என்று இயக்கினால் அது இத்தகைய அழைப்பை வளையமாகவே மாற்றிவிடும். அதனால் சி மொழியில் அடுக்கு வழிவதை மாணவர்களுக்குக் காட்ட விரும்பினால் `-O0` என்று தொகுக்க வேண்டும்.

சாட்ஸ்வொர்த், தமிழ் வகுப்பு ஆசிரியை:

தன்னழைப்பு, அழைப்பு அடுக்கு, ஆழ வரம்பு மீறல் ஆகிய மூன்றையும் குறிப்பில் சேர்த்துக்கொள்கிறேன். 'வழிதல்' என்ற ஒரே சொல் எண்ணுக்கும் அடுக்குக்கும் வருவது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 'அடுக்கு நிரம்பல்' என்பது பொருந்துமா? கடைசியாகக் காட்டிய அழைப்பு வடிவத்துக்கும், ஜிசிசி அதை வளையமாக மாற்றுவதற்கும் பெயர் வேண்டும். ஆங்கிலத்தின் tail call என்பதை அப்படியே 'வால் அழைப்பு' என்றால் வகுப்பில் சிரிப்பார்கள்.