கடலில் போன மச்சானுக்கு இறப்புச் சான்றிதழ்: எந்தத் தேதி போடுவார்கள்?

நாகைக்காரன்:
வணக்கம். 2022 நவம்பரில் என் அக்கா வீட்டுக்காரர் மூன்று பேரோடு ஃபைபர் படகில் கடலுக்குப் போனார். 14ஆம் தேதி இரவு பதினொன்றரை வாக்கில் படகு கவிழ்ந்துவிட்டது. மூன்று பேரை மறுநாள் காலையில் வேறொரு படகுக்காரர்கள் மீட்டார்கள். மச்சான் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் 16ஆம் தேதி புகார் கொடுத்தோம். எஃப்.ஐ.ஆரில் "காணவில்லை" என்றுதான் இருக்கிறது.

இப்போது காப்பீட்டுப் பணத்துக்கும், அவர் பெயரில் இருக்கும் மனைக்கும் இறப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். நகராட்சியில் ஏழு வருடம் காத்திருக்கச் சொன்னார்கள். அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். உண்மையிலேயே 2029 வரை காத்திருக்க வேண்டுமா? சான்றிதழில் எந்தத் தேதி வரும்?

கரைவலை:
ஏழு வருடம்தான் சட்டம், வேறு வழியில்லை. ஏழு வருடம் முடிந்ததும் கோர்ட்டில் மனு போட்டால் காணாமல் போன தேதியையே இறந்த தேதியாகப் போட்டுக் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது.

சுமதி ரா.:
எங்கள் அப்பா 2011-ல் வீட்டை விட்டுப் போனவர், இன்றுவரை தகவல் இல்லை. அரசு ஊழியர் என்பதால் எஃப்.ஐ.ஆரையும், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் அறிக்கையையும் வைத்து அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கொடுத்தார்கள். இறப்புச் சான்றிதழே கேட்கவில்லை. உங்கள் மச்சான் அரசு வேலையா?

நாகைக்காரன்:
இல்லைங்க அக்கா, மீனவர்தான்.

பழைய குமாஸ்தா:
வக்கீல் அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவன். கரைவலை சொன்னதில் பாதி சரி.

ஏழு வருட விதி முன்பு இந்தியச் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியம் 111ஆம் பிரிவு. அது சொல்வது இவ்வளவுதான்: ஏழு வருடமாக ஒருவரைப் பற்றி, தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே தகவல் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஏழு வருடத்துக்கு முன் யாரும் மரணத்தை நிரூபிக்கவே கூடாது என்று அதில் இல்லை. காரணம் தெரியாமல் போனவருக்கும், கவிழ்ந்த படகில் மூன்று பேர் கண்முன்னே தண்ணீரில் விழுந்தவருக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவது ஆளுக்கு மரணத்தையே நேரடியாக, சூழ்நிலைச் சாட்சியத்தை வைத்து நிரூபிக்கலாம்.

அடுத்தது தேதி. எல்.ஐ.சி. எதிர் அனுராதா வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பலரும் கவனிப்பதில்லை. ஏழு வருடம் கடந்தால் ஒருவர் இறந்தார் என்று மட்டுமே அனுமானம். எப்போது இறந்தார் என்பதற்கு அனுமானம் கிடையாது. காணாமல் போன அன்றே இறந்தார் என்று சொல்கிறவர் அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால், அதிகபட்சம் பிரச்சினை கோர்ட்டுக்கு வந்த தேதியில் இறந்திருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

காப்பீட்டுக்குக் கடைசியாகப் பணம் கட்டியது எப்போது? மச்சானின் அம்மா இருக்கிறார்களா?

நாகைக்காரன்:
2022 அக்டோபரில் கட்டியதோடு சரி. அப்புறம் அக்காவால் முடியவில்லை. அத்தை 2024-ல் தவறிவிட்டார்கள்.

பழைய குமாஸ்தா:
அப்படியானால் தேதிதான் உங்களுக்கு முக்கியம்.

நீங்கள் 2029 வரை காத்திருந்து மனு போட்டு, தேதியை நிரூபிக்காமல் விட்டால், அவர் 2029-ல் இறந்ததாக ஆகும். அதற்குள் பாலிசி காலாவதி. அனுராதா வழக்கில் குடும்பம் தோற்றது இப்படித்தான். 2022 நவம்பரில் இறந்தார் என்று தீர்ப்பு வாங்கினால் பாலிசி அன்றைக்கு உயிரோடு இருந்தது.

மனை விஷயத்தில் கணக்கு மாறும். இந்து வாரிசுச் சட்டப்படி, உயில் இல்லையென்றால் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லாருக்கும் சம பங்கு. 2022 என்றால் அத்தை அன்று உயிரோடு இருந்தார்கள், ஆக கால் பங்கு அவர்களுக்குப் போகும். அவர்கள் காலத்துக்குப் பின் அந்தக் கால் பங்கில் மச்சானின் அண்ணன் தம்பி, தங்கைகளும் பங்கு கேட்கலாம். 2029 என்றால் அந்தப் பேச்சே இல்லை. மனைக்கு ஒரு தேதி, காப்பீட்டுக்கு ஒரு தேதி என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். ஒரே தேதி, உண்மையான தேதி.

கரைவலை:
இது எனக்குத் தெரியாது. அப்போ ஒக்கிப் புயலில் போனவர்களுக்கு?

பழைய குமாஸ்தா:
2017 நவம்பர் கடைசியில் ஒக்கி அடித்ததில் கன்னியாகுமரி மாவட்டத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் பலர் திரும்பவில்லை. அங்கே ஏழு வருடம் காத்திருக்க விடாமல் அரசே சிறப்பாக விசாரித்து இறந்தவர்களாகக் கருதியது. பேரிடர் என்றால் அரசு அப்படிச் செய்யும். ஒற்றைப் படகு கவிழ்ந்தால் அந்த வழி திறப்பதில்லை, குடும்பம்தான் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. இது எனக்கு எப்போதும் மனக்குறைதான்.

தாம்பரம் விஜி:
விமானத்திலும் இப்படித்தான். 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் போன விமானப்படையின் ஏ.என்.-32, 29 பேரோடு வங்கக் கடலில் மறைந்தது. செப்டம்பரிலேயே எல்லாரும் இறந்ததாகக் கருதப்படுவதாகக் குடும்பங்களுக்குக் கடிதம் போனது. சிதைவு கடலடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் தெரியவந்தது 2024 ஜனவரியில்தான். மலேசியாவின் எம்.எச்.370 மறைந்தது 2014 மார்ச் 8. அரசு விபத்து என்று அறிவித்தது 2015 ஜனவரி 29. ஒரு வருடம்கூட ஆகவில்லை. உடல் கிடைத்தால்தான் என்று அடம்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நாகைக்காரன்:
சரி, கோர்ட்டில் நாங்கள் என்ன காட்ட வேண்டும்? தேதியும் குழப்பமாக இருக்கிறது. கவிழ்ந்தது 14, புகார் 16.

பழைய குமாஸ்தா:
16 வேண்டவே வேண்டாம். அது புகார் கொடுத்த நாள், இறந்த நாள் அல்ல. அதைச் சான்றிதழில் ஏற்றிவிட்டால் பிறகு திருத்த அலைய வேண்டும்.

மீண்டு வந்த மூவரும் போலீஸில் என்ன சொன்னார்கள்? மச்சானைக் கடைசியாகப் பார்த்தது எத்தனை மணிக்கு?

நாகைக்காரன்:
டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தார், அதிகாலை மூன்று மணி வரை குரல் கேட்டது என்கிறார்கள். அப்புறம் இல்லை.

பழைய குமாஸ்தா:
அப்படியென்றால் 14 அல்ல, 15. நள்ளிரவு தாண்டிவிட்டதே. மனுவிலேயே "15.11.2022 அதிகாலை" என்று எழுதிக் கேளுங்கள், வெறுமனே "இறந்ததாக அறிவிக்கவும்" என்று கேட்டால் தேதி இல்லாத தீர்ப்பு வரும். மாவட்ட உரிமையியல் கோர்ட்டில் விளம்புகைத் தாவா, அதாவது இன்ன நாளில் இறந்தார் என்று கோர்ட்டே அறிவிக்கக் கேட்கும் வழக்கு. அரசையும் பிரதிவாதியாகச் சேர்ப்பதால் இரண்டு மாத முன்னறிவிப்பு அனுப்ப வேண்டும்.

மீன்வளத் துறையில் அந்தப் பயணத்துக்கு டோக்கன் போட்டிருந்தால் அதன் நகல், கடலோரக் காவல்படை தேடிய விவரம், போலீஸ் இறுதி அறிக்கை எல்லாம் வாங்குங்கள். ஆனால் தேதியைத் தூக்கி நிறுத்துவது அந்த மூவரின் வாய்ச் சாட்சியம்தான். மூவரும் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும், போலீஸிடம் சொன்னது மட்டும் போதாது. தீர்ப்பு வந்ததும் பதிவாளர் அதிலுள்ள தேதியையும் இடத்தையும் பதிவார். ஒரு வருடம் கடந்த பதிவு என்பதால் கோட்டாட்சியர் உத்தரவும் கேட்கலாம்.

ஏழு வருடம் ஆகட்டும் என்று தள்ளுபடி செய்யும் நீதிபதியும் உண்டு. அப்படி நடந்தால் மேல்முறையீடு போக வேண்டியிருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நாகைக்காரன்:
மூவரில் ஒருவர் இப்போது மஸ்கட்டில் இருக்கிறார், லீவுக்கு வருவதே சிரமம். மற்ற இருவர் போதுமா?

பழைய குமாஸ்தா:
குரலைக் கடைசியாகக் கேட்டவர் யார் என்று பாருங்கள். அவர் ஊரில் இருக்கும் இருவரில் ஒருவர் என்றால் கவலை இல்லை. மஸ்கட்டில் இருப்பவர்தான் என்றால் காணொலி வழியாகச் சாட்சி சொல்ல அனுமதி கேட்டுத் தனி மனு போடச் சொல்லுங்கள், அது அந்த நீதிபதியைப் பொறுத்தது.