ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சம்பளம்னு மாறுனதும் வீட்டுல வந்த குழப்பம், உங்களுக்கும் நடந்துச்சா?

கீழக்கரை லாத்தா
காக்கா கனடால குடோன் வேலைல இருக்காங்க. போன வருசம் வரைக்கும் 15ம் தேதியும் மாசக் கடைசியும் சம்பளம், வந்ததும் வீட்டுக்கு 1000 டாலர் போட்டு விடுவாங்க. இந்த ஜனவரில இருந்து ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, கைக்கு வர்றது குறைஞ்சதால அனுப்புறதும் ஒரு தடவைக்கு 923 ஆயிருச்சு. ஜனவரில மூணு தடவ வந்துச்சு, வெள்ளையடிச்சோம். அப்புறம் மாசம் ரெண்டே தடவதான். சீட்டும் நகைக்கடன் வட்டியும் 2000த்த நம்பிப் போட்டது. நேத்து வீடியோ கால்ல உம்மா பால்கணக்கு நோட்டோட பின்பக்கத்த கேமராகிட்ட கொண்டுபோயி ஒவ்வொரு வரியா வெரல வச்சு, "வாப்பா, அஞ்சு மாசமா கொறையுது, அங்க ஒனக்கு என்ன கஷ்டம், மறைக்காம சொல்லு"ன்னு கேட்டாங்க. காக்கா மொகம் சுண்டிப் போச்சு. ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் வரல.

தொண்டிக்காரன்
இதுக்கா கவலப்படுறீங்க, வருசத்துக்கு 24 சம்பளம் வாங்குனவருக்கு இப்ப 26. ஒரு மாச சம்பளம் சும்மா கெடைக்குது. சிங்கப்பூர்ல நான் கேட்டேன், மாசச் சம்பளம்தான்னு சொல்லிட்டாங்க, இன்னைக்கும் அந்த ஆத்திரம் போகல.

தேவிபட்டினம் பேரோல்
வெளிநாட்டு கம்பெனிகளுக்கு சம்பளம் போடுற வேலைதான் எனக்கு, இந்தக் கேள்வி வராத ஜனவரியே கெடையாது. தொண்டி தம்பி, 26 தடவங்குறது சரி, சும்மாங்குறது தப்பு. வருசச் சம்பளம் மாறல, 24ஆல வகுத்தத 26ஆல வகுக்குறாங்க, அவ்ளோதான். லாத்தா வீட்டுக்கு வருசத்துக்கு 24,000, அத 26ஆல வகுங்க, அந்த 923 வரும்.

ரெண்டு சம்பளம்னா 28 நாள், மாசம் அதவிட நீளம், அதனால தேதி மாசாமாசம் முன்னாடி நகந்துகிட்டே வரும். காக்காவுக்கு ஏப்ரல்ல 10, 24. மே மாசம் 8, 22. ஜூன்ல 5, 19. ஜூலைல 3, 17, அப்பவும் மாசம் மிச்சமிருக்கு, 31ம் தேதியும் வெள்ளி, அங்க மூணாவது விழுந்துரும்.

உம்மா நோட்டையே எடுங்க. ஜனவரில 2000த்துக்கு மேல வந்தது 769. பிப்ரவரில இருந்து ஜூன் வரைக்கும் மாசம் 154 கம்மி, அஞ்சு மாசத்துக்கு 770. சுவத்துல அடிச்ச வெள்ளதான் அந்த அஞ்சு மாசப் பணம். ஜூலை 31ல வர்றதுல அதே 769 மிஞ்சும், அது ஆகஸ்ட்ல இருந்து டிசம்பருக்கு.

பாம்பன் போட்
எங்களுக்கு 15ம் கெடையாது வெள்ளியும் கெடையாது, கடலுக்குப் போயிட்டு வந்து மீன் வித்து டீசல் ஐஸ் கழிச்சாத்தான் பங்கு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், அதுவும் இல்ல. தடை முடிஞ்சு மொதத் தடவ போயிட்டு வந்து பங்கு பிரிக்கையில ஓனர் அட்வான்ஸ கழிச்சுட்டு என் கையில வச்சது நூறு ரூவா நோட்டு நாலு.

மண்டபம் நண்டு கம்பெனி
தேதி வச்சுக் குடுத்தா சமமா வரும்னு யாரும் நெனைக்காதீங்க. நாள் கூலி 450, 15ம் தேதியும் கடைசி நாளும் சம்பளம், ஞாயிறு லீவு. மார்ச் மொத பாதில மூணு ஞாயிறு, 12 நாள் வேல, 5400. ரெண்டாம் பாதி 31 வரைக்கும் போச்சா, ஞாயிறு ரெண்டுதான், 14 நாள், 6300. நண்டு ஒடைச்சு வெரலெல்லாம் கீறி நிக்கிறேன், ஒரு அக்கா "ஒனக்கு மட்டும் ஏன்டி கூட வந்துச்சு"ன்னு கவர பிடுங்கி எண்ணுனாங்க, அவங்க ரெண்டு நாள் லீவு போட்டது அவங்களுக்கே மறந்துருச்சு. எங்கள மாதிரி ஆளுக்கு ரெண்டு வாரக் கணக்குதான் நல்லது, எப்பவும் 12 நாள்.

தொண்டிக்காரன்
பேரோல் அண்ணே, நாள் கூலிக்காரங்களுக்கு 26ஆல வகுக்குற கதையே கெடையாதே, அப்ப நான் சொன்னது எப்படி முழுசா தப்பாகும்? சரி விடுங்க. லாத்தா, காக்காகிட்ட சொல்லி கம்பெனி எப்பப் போட்டாலும் வீட்டுக்கு 1ம் தேதியும் 15ம் தேதியும் ஆயிரமா அனுப்பச் சொல்லுங்க, இடைவெளிய அவரு அங்கயே சமாளிக்கட்டும், சீட்டுத் தேதிய 20க்கு அப்புறம் மாத்துங்க, வட்டிய மாசக் கடைசிக்குத் தள்ளுங்க, முடிஞ்சா அந்த நகைக்கடனையே மூணாவது சம்பளம் வர்ற மாசத்துல கொஞ்சம் கொஞ்சமா அடைங்க, உம்மாகிட்ட நோட்டு குடுக்காதீங்க.

கீழக்கரை லாத்தா
நோட்டு உம்மாகிட்டதான் இருக்கும் தம்பி. பேரோல் அண்ணன் சொன்ன 769ஐ படிச்சுக் காட்டுனேன், தனியா ஒரு பக்கத்துல எழுதி வச்சுட்டாங்க. ஆனா காக்கா இன்னொன்னு கேக்குறாங்க, டிசம்பர் 18க்கு அப்புறம் வர்ற வெள்ளி 2027 ஜனவரி 1, லீவாச்சே?

தேவிபட்டினம் பேரோல்
லீவுன்னா வழக்கமா முந்துன வேலை நாள்ல போட்டுருவாங்க, டிசம்பர் 31. அப்ப 2026லயே 27 சம்பளம் ஆயிரும். சில கம்பெனி அந்த மாதிரி வருசத்துல 27ஆல வகுத்து ஒவ்வொன்னையும் கொறைக்கும், சிலது 26லயே விட்டுரும். காக்காவோட கம்பெனி எதுன்னு அவங்க ஆபீஸ்லதான் கேக்கணும், இப்பவே கேக்கச் சொல்லுங்க.