கலைச்சொல்: ஒதுக்கீட்டிலிருந்து செலவு விலகும் ‘வேரியன்ஸ்’

திருச்சியிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களுக்கு வணக்கம். அறக்கட்டளை ஒன்று, தான் நிதி தரும் காப்பகங்கள் ஆண்டின் நடுவில் கூடுதல் நிதி கோருவதற்கான படிவத்தைத் தமிழில் கேட்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டும். அதில் ‘வேரியன்ஸ்’ என்றொரு பத்தி இருக்கிறது. மாதிரிக் கணக்கு அரிசியைப் பற்றியது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 9,000 கிலோ, கிலோ 48 ரூபாய் என்று 4,32,000 ரூபாய் ஒதுக்கினார்கள். வாங்கியதோ 9,600 கிலோ, கிலோ 53 ரூபாய், ஆக 5,08,800. இடையிலுள்ள 76,800 ரூபாயை எந்தச் சொல்லால் குறிப்பது?

யாழ்ப்பாணத்திலிருந்து, கணித ஆசிரியர்:
இதற்கு எங்கள் பாடநூல்களில் ‘மாறற்றிறன்’ என்ற சொல் நெடுங்காலமாக உண்டு. புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர்:
ஆசிரியர் ஐயா சொல்வது புள்ளியியலுக்குரிய சொல். தமிழ்நாட்டில் ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்பார்கள். இங்கே வர்க்கமும் இல்லை, சராசரியும் இல்லை. வெறும் கழித்தல்தான்.

தஞ்சையிலிருந்து, தமிழ்ப் பேராசிரியர்:
‘திரிபு’ என்று சொல்லுங்கள். “மெய்பிறி தாதல் மிகுதல் குன்றல்” என்று தொல்காப்பியர் புணர்ச்சியில் நிகழும் திரிபை மூன்றாக வகுத்தார். செலவு கூடினால் மிகுதல், சுருங்கினால் குன்றல், ஒரு தலைப்பின் பணம் இன்னொரு தலைப்புக்குப் போனால் மெய் பிறிதாதல். இதைவிடப் பொருத்தமான கட்டமைப்பை எந்தக் கணக்கியல் நூலாரும் தந்துவிட முடியாது. நன்னூலாரின் “தோன்றல் திரிதல் கெடுதல்” இங்கே உதவாது. அவரிடம் திரிதல் மூன்றில் ஒன்றாகக் குறுகிவிடுகிறது.

மதுரை:
ஐயா, இலக்கணம் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ‘அரிசிச் செலவில் 76,800 ரூபாய் திரிபு’ என்று ஒரு காப்பகம் எழுதி அனுப்பினால், படிப்பவர் முதலில் விளக்கம் கேட்கமாட்டார், பற்றுச்சீட்டுகளைக் கேட்பார். கணக்கைத் திரித்தல் என்பது அலுவலக வழக்கில் வேறு பொருள்.

என் பரிந்துரை ‘வேறுபாடு’. சொல்லைவிட அதன் உட்பிரிவு முக்கியம். விலை 5 ரூபாய் ஏறியதை வாங்கிய 9,600 கிலோவால் பெருக்கினால் 48,000. இது விலை வேறுபாடு. கூடுதலாக வாங்கிய 600 கிலோவைத் திட்டமிட்ட 48 ரூபாயால் பெருக்கினால் 28,800. இது அளவு வேறுபாடு. விலைக்குச் சந்தை காரணம். அளவுக்கு யார் காரணம்? ஆளுக்கு மாதம் பத்துக் கிலோ என்று 150 பேருக்குத் திட்டமிட்டிருந்து 160 பேர் தங்கியிருந்தால் கணக்கு நேர் செய்கிறது; சேர்க்கைப் பதிவேட்டின் நகலை இணைத்தால் போதும். பதிவேட்டில் 150 பேர்தான் என்றால், அந்த 600 கிலோ எங்கே போனது என்ற கேள்விக்குக் கருத்துருவில் இடமில்லை, வேறு கோப்பில்தான் இடம்.

கோவையிலிருந்து, விடுதிக் காப்பாளர்:
உட்பிரிவில் எனக்கு ஓர் ஐயம். 5 ரூபாயைத் திட்டமிட்ட 9,000 கிலோவால் பெருக்கினால் 45,000தானே? மீதி 3,000 விலையும் அளவும் சேர்ந்து வந்தது. அதை விலையின் தலையில் கட்டுவது ஏன்?

இன்னொன்று. எங்கள் விடுதியில் கடந்த ஆண்டு கூரைப் பழுதுக்கு ஒதுக்கிய பணம் அக்டோபர் வரை அப்படியே இருந்தது. மழையில் ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். படிவத்தில் அது ‘சாதக வேறுபாடு’ என்று ஏறியது. கேட்ட கூடுதல் நிதியில் அதைக் கழித்துக்கொண்டார்கள். ஜனவரியில் கூரை வேலைக்குப் பணமில்லை.

மதுரை:
3,000 ரூபாயை விலையோடு சேர்ப்பது வழக்கம். தனியே காட்டினாலும் பிழையில்லை. கூரைச் செய்தி மிக முக்கியம். சாதகம், பாதகம் என்ற சொற்களைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள். தள்ளிப்போன செலவு மிச்சமல்ல. அரிசிக்கும் இதே பார்வை வேண்டும்: 160 பேரும் 53 ரூபாயும் மார்ச் வரை நீடித்தால் இன்னொரு 76,800 தேவைப்படும். ஆகவே கேட்க வேண்டியது 1,53,600. கடந்ததை மட்டும் கேட்டுவிட்டு ஜனவரியில் மறுபடியும் வருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தஞ்சை:
சாதகம் போகட்டும், அது வடசொல். அந்த இடத்தில் ‘மிகுதல்’, ‘குன்றல்’ என்று இடலாமே? அவை புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை.

யாழ்ப்பாணம்:
‘வேறுபாடு’ என்றால் எங்கள் மாணவர் எந்த வித்தியாசத்தையும் நினைப்பார்கள். கலைச்சொல்லுக்குக் கொஞ்சம் அந்நியத்தன்மை வேண்டும். ‘விலகல்’ என்பதை ஏன் ஒருவரும் பார்க்கவில்லை?

திருச்சி:
புள்ளியியலில் நீங்கள் சொல்லும் நியம விலகலோடு குழம்பும் என்பதால்தான், ஐயா. நேரமாகிவிட்டது, பத்தியின் தலைப்பு ‘ஒதுக்கீட்டு வேறுபாடு’, அதன் கீழே ‘விலையால்’, ‘அளவால்’, ‘காலம் தள்ளியதால்’ என்று மூன்று கட்டங்கள். கூடுதல், குறைவு என்று எளிதாகவே எழுதியிருக்கிறேன். பேராசிரியர் ஐயா பொறுத்தருள வேண்டும்.

தஞ்சை:
பொறுத்தேன். ஏற்கவில்லை.