[கலைச்சொல்] முதல் உறுப்புக்கும் முந்தைய உறுப்பை எப்படி அழைப்பது?

தேனி ஆசிரியை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஒரு சொல் வேண்டும். எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் வகுப்பில் கூட்டுத் தொடர்வரிசையைப் பேப்பர் கப் வைத்து நடத்துகிறேன். கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கி, உயரத்தை ஸ்கேலால் அளக்கச் சொல்வேன். எங்கள் கப் ஒன்றின் உயரம் 8 செ.மீ. ஐந்தைச் செருகினால் 10.4 செ.மீ. "பத்து கப் அடுக்கினால் எவ்வளவு வரும், அளக்காமல் சொல்லுங்கள்" என்றால் பலரும் 20.8 என்கிறார்கள். அடுக்கி அளந்தால் 13.4.

இங்கே அந்த 20.8-ஐத் தவறு என்று அடித்துவிடாமல், எங்கே கூடுதலாகப் போனது என்று தேடச் சொல்கிறேன். ஐந்து கப் அடுக்குகள் இரண்டைக் கையில் கொடுத்து, ஒன்றை இன்னொன்றுக்குள் செருகச் சொன்னால் போதும். மேல் அடுக்கின் அடிக் கப்பில் 0.6 செ.மீ மட்டுமே வெளியே தெரியும், மீதி 7.4 செ.மீ உள்ளே போய்விடும். 20.8-இலிருந்து 7.4-ஐக் கழித்தால் 13.4. எத்தனை கப் அடுக்கினாலும் அந்த 7.4 ஒரே ஒரு முறைதான் கணக்கில் வரும். அதனால் 8 + (n − 1) × 0.6 என்பதை 7.4 + 0.6n என்று அவர்களாகவே மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

8 முதல் உறுப்பு, 0.6 பொது வித்தியாசம். 7.4-க்குப் பெயர் இல்லை. பிள்ளைகள் "கப்போட உடம்பு" என்கிறார்கள்.

சேமிப்புக் கணக்கில் இதே இடம் வேறு விதமாகக் குழப்புகிறது. வங்கியில் 10,000 ரூபாய் வைப்பு, ஆண்டுக்கு 7% கூட்டு வட்டி. 3 ஆண்டு கழித்து எவ்வளவு? பெருக்குத் தொடர்வரிசை படித்த பிள்ளை a = 10,000, r = 1.07, n = 3 என்று வைத்து, ar^(n−1) போட்டு 11,449 என்று எழுதுகிறது. அது 2 ஆண்டு முடிவில் வரும் தொகை. 3 ஆண்டுக்கு 12,250.43 வர வேண்டும். பணம் போட்ட நாளை முதல் உறுப்பாக எடுத்தால், 3 ஆண்டு முடிவது நான்காம் உறுப்பு. கூட்டு வட்டிச் சூத்திரத்தில் அடுக்கு n, இங்கே n − 1. இரண்டும் சரிதான், எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு.

அந்த இடத்துக்குத்தான் பெயர் கேட்கிறேன். "சுழிய உறுப்பு" சரியாக இருக்குமா?

சென்னை மென்பொருளர் எழுதியது:

அம்மா, நிரல் எழுதுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். பட்டியலை நாங்கள் 0-இலிருந்துதான் எண்ணுகிறோம். முதல் கப்பையே 0-ஆவது என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரம் 8 + 0.6n ஆகிவிடும், அந்த (n − 1) தொல்லையே இருக்காது. புதிய சொல்லும் தேவையில்லை.

கோவை அன்பர் எழுதியது:

எங்கள் பள்ளி விழாவில் பிள்ளைகள் கப்புகளைக் கவிழ்த்துக் கோபுரம் கட்டினார்கள். உச்சியில் 1, அதன் கீழ் 2, அப்புறம் 3. ஐந்து வரிசைக்கு 15 கப் ஆனது. மொத்தம் 1, 3, 6, 10, 15 என்று போகிறது. இதில் பொது வித்தியாசம் 0.6 எங்கே வருகிறது? 1, 2, 3 என்று வித்தியாசமே மாறிக்கொண்டுதானே இருக்கிறது?

தேனி ஆசிரியை எழுதியது:

கோவை ஐயா, நீங்கள் சொல்வது கோபுர அடுக்கு, நான் சொல்வது செருகு அடுக்கு. உங்கள் கோபுரத்தில் ஒவ்வொரு வரிசையிலும் உள்ள எண்ணிக்கைதான் கூட்டுத் தொடர்வரிசை. 1, 3, 6, 10 என்பது அவற்றின் கூடுதல், அதாவது தொடர். அந்தப் பாடம் வரும்போது உங்கள் கோபுரத்தைக் கட்டாயம் எடுத்துக்கொள்வேன்.

சென்னைத் தம்பிக்கு: கணக்கு சரி. ஆனால் n-இன் பொருள் மாறிவிடுகிறது. உங்கள் முறையில் 10 கப்புக்கு n = 9. மேசையில் பத்து கப் இருக்கும்போது 9 போட வேண்டும். (n − 1) ஒழியவில்லை, சூத்திரத்திலிருந்து பிள்ளையின் தலைக்குள் போய்விட்டது. கப்பின் எண்ணிக்கையும் n-உம் ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் 7.4-ஐத் தவிர்க்க முடியாது.

வைப்புத்தொகைக்கு உங்கள் முறை அப்படியே பொருந்தும். அங்கே 0 என்பது பணம் போட்ட நாள்.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நாங்கள் இங்கே கூட்டல் விருத்தி, பெருக்கல் விருத்தி என்று படிப்பிக்கிறோம். பெயர் வேறாயினும் இடர்ப்பாடு ஒன்றுதான்.

"சுழிய உறுப்பு" வேண்டாம் என்பேன். 12, 8, 4, 0, −4 என்று ஒரு வரிசை எழுதுங்கோ. "இதில் சுழிய உறுப்பு எது?" என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் நாலாவதைத்தான் காட்டும். நீங்கள் கேட்பது 12-க்கு முன்னால் நிற்கும் 16. பெறுமானம் பூச்சியமா, இடம் பூச்சியமா என்று சொல்லிலேயே தெரிய வேண்டும்.

இடம் என்று காட்ட "ஆம்" சேர்த்துச் "சுழியாம் உறுப்பு" என்று சிலர் சொல்லக்கூடும். ஐந்தாம், ஆறாம் போல அமைந்தாலும், வாய்விட்டுச் சொன்னால் "சுழியாம், யாரோ சொன்னார்கள்" என்றுதான் காதில் விழும். "சுழியாவது" என்றால் இன்னும் மோசம், "குறைந்தது சுழியாவது கிடைக்குமா" என்று போய்விடும்.

y வெட்டுத்துண்டு இருக்கிறதே என்று யாரேனும் கேட்பார்கள். வரைபில் 7.4 அங்கேதான் வரும், மறுக்கவில்லை. ஆனால் விருத்தி தனித்தனிப் புள்ளிகளால் ஆனது. கோடு வரைந்தால்தான் வெட்டு. இரண்டரைக் கப் என்று ஒன்று இல்லாதபோது கோடு எதற்கு?

என் பரிந்துரை "அடியுறுப்பு". கப்பில் அது உண்மையாகவே அடிப்பகுதி. அடுக்கின் அடிமானத்தோடு மயங்காதா என்றால், சொல் முடிவது உறுப்பு என்பதால் மயக்கம் குறைவு.

மதுரை சகோதரி எழுதியது:

நான் கணக்கு ஆசிரியை இல்லை, மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறேன். போன ஆண்டு மிச்சம் 2,000 ரூபாய், இந்த ஆண்டு மாதம் 500 என்று வைத்துக்கொண்டால், முதல் மாதம் முடிவில் 2,500, அடுத்து 3,000. அந்த 2,000-ஐ நோட்டில் "முன்னிருப்பு" என்றுதான் எழுதுவோம். கேட்டவுடன் புரியும். இதையே வைத்துக்கொள்ளலாமே?

இன்னொரு கேள்வி. வங்கியில் மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு இதில் எந்த வகை? மாதம் 500 தானே கட்டுகிறோம், அதுவும் கூட்டுதானே?

தேனி ஆசிரியை எழுதியது:

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன் அக்கா. நீங்கள் கட்டிய தொகையை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத் தொடர்வரிசைதான். வட்டி சேர்ந்ததும் மாறிவிடும். முதலில் கட்டிய 500 அதிக காலம் வட்டி ஈட்டும், கடைசியில் கட்டியது கொஞ்ச காலம்தான். ஒவ்வொரு தவணையும் முதிர்வில் எவ்வளவாகும் என்று எழுதினால், அந்தத் தொகைகள்தான் பெருக்குத் தொடர்வரிசையில் நிற்கும். கையில் வரும் பணம் அவற்றின் கூடுதல். பாஸ்புக் இருப்பை மட்டும் வரிசையாக எழுதிப் பார்த்தால் வித்தியாசமும் சமமாக இருக்காது, விகிதமும் சமமாக இருக்காது. பிள்ளைகளிடம் ஒரு பாஸ்புக்கைக் கொடுத்து இதைச் சோதிக்கச் சொல்லலாம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். வந்த சொற்களை நான்கு கணக்கில் வைத்துப் பார்த்தேன். குழுவின் 2,000 உண்மையில் இருக்கிற பணம். வங்கியில் போட்ட 10,000-உம் அப்படித்தான். கப்பின் 7.4 உண்மையான நீளம், ஆனால் "பூஜ்ஜியம் கப்பின் உயரம்" இல்லை. கப்பே இல்லாவிட்டால் உயரம் 0 தான். நான்காவது, முதல் நாள் 1 ரூபாய், அடுத்த நாள் 2, அப்புறம் 4 என்று உண்டியலில் போடும் கணக்கு. பின்னோக்கிப் போனால் 50 பைசா வரும். அதை யாரும் போடவில்லை. ஆனாலும் n-ஆம் நாள் போடுவது 0.5 × 2^n என்று எழுதினால் சரியாக வரும், பத்தாம் நாள் 512.

ஆக, அந்த உறுப்பு நிஜமா கற்பனையா என்பதைத் தொடர்வரிசையின் வகை முடிவு செய்வதில்லை, கணக்கின் கதைதான் முடிவு செய்கிறது. கூட்டிலும் இரண்டு விதம் உண்டு, பெருக்கிலும் இரண்டு விதம் உண்டு. முன்னிருப்பு என்றால் உண்டியலில் 50 பைசா ஏற்கெனவே இருந்தது என்று பிள்ளை எழுதிவிடும். எனக்கு அடியுறுப்புப் பக்கம்தான் மனம் போகிறது.

பொது வித்தியாசத்தை "விளிம்பு" என்று பழக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மடித்த விளிம்பு உள்ள கப்புக்கு அது ஒத்துவரும். சரிவான சுவர் கொண்ட, விளிம்பு மடிக்காத எவர்சில்வர் டம்ளரில் சுவரும் சுவரும் உரசித்தான் உள் டம்ளர் நிற்கும். அங்கே வித்தியாசம் = சுவரின் தடிமன் ÷ sin θ. θ என்பது சுவர் செங்குத்திலிருந்து சாய்ந்த கோணம். 0.5 மி.மீ தகடு, 5° சாய்வு என்றால் சுமார் 5.7 மி.மீ. விளிம்பே இல்லாமல் வித்தியாசம் வருகிறது. பேப்பர் கப்பை அழுத்திச் செருகினாலும் எண் மாறும். ஒவ்வொரு கப்பாக அளந்தால் 0.6, 0.5, 0.7 என்று தள்ளாடுவது அதனால்தான். 11 கப்பின் உயரத்திலிருந்து 1 கப்பின் உயரத்தைக் கழித்து 10-ஆல் வகுத்தால் நம்பகமாக வரும்.

சென்னை மென்பொருளர் எழுதியது:

n-இன் பொருள் மாறுவது பற்றிச் சொன்னது சரி, ஏற்கிறேன். முன்னிருப்புக்கு இன்னொரு தடையும் உண்டு. தமிழ்க் கணிமையில், பயனர் எதையும் தேர்ந்தெடுக்காதபோது தானாக இருக்கும் அமைப்பை முன்னிருப்பு என்கிறோம். பல மென்பொருள்களில் அது ஏறிவிட்டது. அடியுறுப்புக்கு என் வாக்கு.

மதுரை சகோதரி எழுதியது:

கணினியில் எப்படியோ, கணக்கு நோட்டில் அந்தச் சொல் பல காலமாக இருக்கிறது. பணக் கணக்குக்கு மட்டுமாவது அதை விட்டுவையுங்கள். 2,000 ரூபாயை அடியுறுப்பு என்றால் எங்கள் குழுவில் யாருக்கும் புரியாது.

யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதியது:

தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொதுப்பெயர் அடியுறுப்பு, பணக்கணக்கில் அதன் பெறுமானம் முன்னிருப்பு என்று இரண்டையும் வைக்கலாமோ என்று யோசிக்கிறேன். ஆனால் என் சொல்லிலேயே எனக்கு ஒரு உறுத்தல் உண்டு. 12, 8, 4 போன்ற இறங்கு விருத்தியில் அந்த 16 எல்லாவற்றிலும் பெரியது, மேலே நிற்பது. அதை "அடி" என்று சொல்லப் பிள்ளைகள் தயங்குவார்களா?

தேனி ஆசிரியை எழுதியது:

தயங்குவார்களா என்று வகுப்பில்தான் தெரியும் ஐயா. அடுத்த வாரம் இறங்கு வரிசைக்கு, செருகிய 20 கப்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கும் கணக்கைக் கொடுக்கிறேன். தொடக்கத்தில் 19.4 செ.மீ, ஒன்றை எடுத்தால் 18.8. இதில் எதையும் எடுப்பதற்கு முந்தைய 19.4 தான் நாம் பெயர் தேடும் உறுப்பு. "அடியுறுப்பைக் காட்டு" என்றால் அடுக்கின் அடிக் கப்பைக் காட்டுகிறார்களா, 19.4 என்று சொல்கிறார்களா என்று பார்த்து எழுதுகிறேன். அதுவரை பாடக்குறிப்பில் a₀ என்ற குறியீட்டுக்குப் பக்கத்தில் அடியுறுப்பு என்று பென்சிலால் எழுதி வைக்கிறேன்.