தோசை மாவு: புகார்களைப் படித்து இடம் பிடிக்க முடியுமா?

ஈசூன் பையன்
தேக்காவிலும் சூப்பர்மார்க்கெட்டிலும் தோசை மாவு பாக்கெட்டுக்குப் பஞ்சமில்லை. நானும் இந்த வியாபாரத்தில் இறங்கலாம் என்று இணையக் கடை விமர்சனங்களைப் படித்தேன். நிறைய பேர் "புளிப்பு" என்கிறார்கள். புளிக்காத மாவு விற்குமா?

உட்லண்ட்ஸ் அக்கா
விற்காது தம்பி. திட்டுகிறவர்கள் திட்டிக்கொண்டே அடுத்த வாரமும் அதையேதான் வாங்குவார்கள். நானும் அப்படித்தான். விலை ஏறினால் மட்டும் வேறு கடை பார்ப்பேன்.

பழைய சரக்கு
அக்கா சொல்வது பாதி சரி. எத்தனை பேர் திட்டினார்கள் என்பதை வைத்துக் கடை போடக் கூடாது. ஆனால் திட்டில் என்றைக்கு என்ன நடந்தது என்று பாருங்கள்.

வாங்கிய அன்றே புளிப்பு என்றால் மாவு வண்டியிலோ வாசலிலோ சூடேறியிருக்கும். அதற்கு உங்கள் மாவிலும் மருந்தில்லை. "ஞாயிறு இட்லி அருமை, வியாழன் தோசை வாயில் வைக்க முடியவில்லை" என்று எழுதியிருந்தால் கதை வேறு. ஃபிரிட்ஜில் மாவு புளிப்பது மெதுவாகுமே தவிர நிற்காது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோவை எப்போது முடிப்பார்கள்? அங்கே குறை பாக்கெட் அளவில் இருக்கிறது.

அதே மாவுக்கு "பொங்கவே இல்லை, இட்லி கல்லு மாதிரி" என்றும் ஒருவர் எழுதியிருப்பார், தேடிப் பாருங்கள். அவர் வாங்கியவுடனே ஊற்றியவர். புளிக்காத மாவு போட்டால் இவரைப் போன்றவர்கள் கூடுவார்கள்.

ஒரு நட்சத்திரம் போட்டுக் கத்துகிறவர்களை விட மூன்று நட்சத்திரக்காரர்கள் பயன்படுவார்கள். மிச்ச மாவில் அரிசி மாவு கலந்தேன், பாதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன் என்று எழுதுவார்கள். ஏற்கெனவே மெனக்கெடுகிறவர்தான் காசு கொடுப்பார்.

பூன்லே மாமா
எனக்குப் போன மாதம் பாக்கெட் வெடித்து ஃபிரிட்ஜ் முழுக்க மாவு. யாரிடம் புகார் கொடுப்பது?

பழைய சரக்கு
ரசீதோடு கடையில் கேளுங்கள் மாமா. புளிக்கும்போது வாயு வரும், பையில் அதற்கு இடம் விட்டிருக்க மாட்டார்கள். தம்பி, இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா
அரை கிலோ பாக்கெட் என்றால் ஒரு கிலோவுக்கு இரண்டு பை, இரண்டு லேபிள். அரை கிலோவுக்கே கிலோ விலையில் முக்கால்வாசி கேட்டால் யார் வாங்குவார்? அப்புறம், பாக்கெட் மாவே வேண்டாம் என்று வீட்டில் அரைக்கிற என் மாமியார் எங்கேயும் விமர்சனம் எழுதுவதில்லை. அவரை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள்?

பழைய சரக்கு
மாமியாரைப் பற்றி விமர்சனம் எதுவும் சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். விலையைச் சோதிக்கலாம். வீட்டில் கொஞ்சமாக அரைத்து, புளோக் வாட்ஸ்அப் குழுவில் அந்த முக்கால் விலைக்கே விற்றுப் பாருங்கள். முதல் வாரம் முகத்துக்காக வாங்குவார்கள். இரண்டாவது வாரம் யார் தானாகக் கேட்கிறார் என்பதுதான் கணக்கு. தயாரித்துக் கடைகளுக்குப் போடுவதென்றால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் வேண்டும், அந்தச் செலவு தனி.

ஈசூன் பையன்
விமர்சனங்களை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பெரும்பாலானவர்கள் எந்த நாள் என்றே எழுதவில்லை.

பழைய சரக்கு
அப்படியென்றால் கடை ஃபிரிட்ஜ் பக்கத்தில் நின்று, எடுக்கிறவர்களிடம் போன பாக்கெட்டின் கடைசிக் கரண்டி என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

உட்லண்ட்ஸ் அக்கா
என்னைக் கேட்டால் கிலோ பாக்கெட்தான் எடுப்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.